"ஏன் இந்த வேலையை விடுகிறீர்கள்?" பதிலைத் தயாரிக்கும் முறை

ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையின் தையல் பிரிவில் நான்கு ஆண்டுகளாகத் தரம் பார்க்கும் ஒருவர், ராணிப்பேட்டை சிப்காட்டில் நேர்காணலுக்குப் போவதாக வைத்துக்கொள்வோம்.

முதலில் விலகுவதற்கான உண்மைக் காரணங்களை எல்லாம் ஒரு தாளில் எழுத வேண்டும். யாரும் பார்க்கப் போவதில்லை, எனவே ஒளிக்க வேண்டாம். அவருடைய தாளில் இருப்பவை: மேற்பார்வையாளர் எல்லோர் முன்னும் திட்டுகிறார், ஏற்றுமதி நெருங்கினால் இரவு வரை ஓவர்டைம், சம்பளம் உயரவில்லை, நான்கு ஆண்டுகளாக ஒரே பிரிவு.

அடுத்து, ஒரு மனிதரைக் குறைசொல்லாமல் பேசவே முடியாத வரிகளை அடித்துவிடுங்கள். திட்டு போய்விடும். புதிய இடத்திலும் இருக்கக்கூடியதையும் அடியுங்கள். சிப்காட்டிலும் ஓவர்டைம் உண்டு. சம்பளத்தை அவர்கள் கேட்கும்போது பேசிக்கொள்ளலாம். மிஞ்சுவது "ஒரே பிரிவு". அதுவும் உண்மைதான், பொய் எதுவும் தேவைப்படவில்லை.

இதை வைத்து, கற்றது, அங்கே கிடைக்காதது, இங்கே இருப்பது என்ற வரிசையில் பதிலை அமையுங்கள்:

"தையல் பிரிவில் ஷூவின் மேல்பகுதியான அப்பரைச் சோதிக்கிறேன். தையல் இடைவெளி, ஓர மடிப்பு, இடது வலது ஜோடிப் பொருத்தம் எல்லாம் அங்கேதான் கற்றேன். அங்கே சோதகர்கள் அவரவர் பிரிவிலேயே இருப்பது வழக்கம்; அப்பரை அச்சில் இழுத்துப் பொருத்தும் லாஸ்டிங்குக்குப் பிந்தைய வேலையைப் பார்க்க வாய்ப்பில்லை. உங்கள் விளம்பரத்தில் முழு ஷூவின் இறுதிச் சோதனை என்று இருந்தது. அதற்காகவே விண்ணப்பித்தேன்."

இரண்டாம் பகுதியில்தான் பலர் சறுக்குகிறார்கள். "வாய்ப்பே தர மாட்டார்கள்" என்றால் புகார். "பிரிவிலேயே இருப்பது வழக்கம்" என்றால் அந்த இடத்தின் அமைப்பைச் சொல்கிறீர்கள். "வளர்ச்சிக்காக" என்று ஒற்றைச் சொல்லில் முடிப்பதும் வேண்டாம். கேட்பவருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது.

பிறகு துணைக்கேள்வி வரும். "மேலாளரோடு பிரச்சினையா?" என்றால், "வேலை தொடர்பாகக் கருத்து வேறுபாடுகள் வரும், பேசித் தீர்ப்போம். நான் வருவது இறுதிச் சோதனைக்காக" என்று சொல்லி நிறுத்துங்கள். அந்த அமைதியை நிரப்ப வாயைத் திறந்தால், தாளில் அடித்த வரி வெளியே வந்துவிடும். தோல் தொழிலில் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஆட்களுக்குள் பழக்கம் அதிகம். திட்டியவரின் நண்பரே எதிரில் இருக்கலாம்.

சம்பளம் மாதக்கணக்கில் வரவில்லை என்பதே காரணமானால் மறைக்காதீர்கள். "மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை" என்ற ஒரு வரி போதும், அடைமொழி வேண்டாம்.

"எப்போது சேர்வீர்கள்?" என்ற கேள்வியில்தான் அவசரம் வெளிப்படும். "நாளைக்கே வருகிறேன், எந்தச் சம்பளமும் சரி" என்பவர் இவர்களையும் அப்படியே விட்டுப்போவார் என்று தோன்றும். இப்போதைய வேலையின் நியமனக் கடிதத்தில் முன்னறிவிப்புக் காலம் 30 நாள் என்று இருந்தால், "ஆணை கிடைத்ததும் ராஜினாமா கொடுத்து, 30 நாளில் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு வருகிறேன். அதுவரை என் நிறுவனத்தில் விசாரிக்க வேண்டாம்" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.