விதிமுறையின் அடியில் இருந்த மின்னஞ்சல்

பாலக்கோட்டில் எங்கள் தக்காளித் தோட்டத்துக்கு 2,900 ரூபாயில் பேட்டரி ஸ்பிரேயர் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். தொட்டியின் அடியில் மயிரிழை போல விரிசல். தண்ணீர் ஊற்றித் தூக்கியதும் முதுகெல்லாம் நனைந்தது. ‘பணம் திரும்பாது, மாற்றித்தான் தருவோம்’ என்றார்கள். மாற்றித் தரவோ ஸ்டாக் இல்லையாம்.

அப்புறம்தான் அந்தத் தளத்தின் விதிமுறைகளை முழுதாகப் படித்தேன். ‘நாங்கள் இடைத்தரகர் மட்டுமே’, ‘வழக்கு பெங்களூரில்தான்’ என்று இருந்ததும் கொஞ்சம் மிரண்டேன். ஆனால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது தர்மபுரியிலேயே புகார் கொடுக்கலாம். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது என்கின்றன 2020 மின்வணிக விதிகள்.

பக்கத்தின் அடியில் குறைதீர் அலுவலரின் மின்னஞ்சல் இருந்தது. அந்தச் சட்டம், விதிகள் இரண்டையும் குறிப்பிட்டு, விரிசல் படத்தோடு எழுதினேன். அதே விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தந்து, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். எனக்கு 12-ஆம் நாள் பணம் வந்தது.