ஆணி அடித்த ஜாய்ஸ்டிக்கும் வேறு சில தப்புகளும்

கன்ட்ரோலரில் ஆடுவதற்கென்று செய்த ஆக்‌ஷன் கேமைப் போனுக்குக் கொண்டுவந்திருக்கும் புதியவர்கள் சிலரின் டெமோக்களைப் போன வாரம் வரிசையாக ஆடிப் பார்த்தேன். ஆறு கேம். ஐந்தில் இடது மூலையில் அசையாத ஒரு வட்டம், அதற்குள் ஒரு குமிழ். என் முதல் கேமில் நான் வைத்த அதே வட்டம்! பட்டன் சின்னது, ஐகான் புரியவில்லை என்பதையெல்லாம் ஆடுகிறவர்களே சொல்லிவிடுவார்கள். இந்த வட்டத்தைப் பற்றி யாரும் சொல்லமாட்டார்கள், "கேம் சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு அழித்துவிடுவார்கள்.

## வட்டத்தை ஆணி அடித்து வைப்பது

நிஜ ஸ்டிக்குக்கு அடியில் ஸ்பிரிங் இருக்கிறது. தள்ளினால் ஓரத்தில் முட்டி நிற்கிறது. நடு எது, ஓரம் எது என்பது பார்க்காமலே கட்டைவிரலுக்குத் தெரியும். கண்ணாடியில் இரண்டும் கிடையாது. கண் எதிரி மேல் இருக்கும்போது விரல் மெல்ல வழுக்கி வட்டத்தைத் தாண்டிப் போய்விடும். குமிழ் ஓரத்திலேயே நிற்பதால் ஆளும் ஓடிக்கொண்டே இருப்பான், எதுவும் தப்பாகத் தெரியாது. திரும்பும்போதுதான் வினை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வட்டத்தின் ஆரம் 10 மி.மீ., நடுவில் அசைவைக் கண்டுகொள்ளாத டெட் ஸோன் 1.5 மி.மீ. வலப்பக்கம் ஓடும்போது விரல் நடுவிலிருந்து 24 மி.மீ. போய்விட்டது. இப்போது இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் விரல் 25.5 மி.மீ. பின்னால் வந்தாக வேண்டும். அதில் முதல் 22.5 மி.மீ. வரை ஆள் வலப்பக்கமே, எதிரியின் வாளை நோக்கியே ஓடுவான்.

என் அக்கா பையன் ஆடிப் பார்த்துவிட்டு, "மாமா, இது சொன்ன பேச்சே கேக்க மாட்டேங்குது" என்றான். திரும்பும் வேகத்தைக் கூட்டினேன், அனிமேஷனை வெட்டினேன், ஃபிரேம் ரேட்டைச் சந்தேகப்பட்டேன். மூன்று வாரம் போயிற்று. கடைசியில் ஆண்ட்ராய்டு டெவலப்பர் ஆப்ஷன்ஸில் Pointer location என்பதை ஆன் செய்து அவனையே ஆடவிட்டேன். விரல் போன தடம் திரையில் கோடாக விழுந்தது. பாதிக் கோடு வட்டத்துக்கு வெளியே கிடந்தது.

உடனே, திரையின் இடது பாதியில் விரல் எங்கே பட்டாலும் அங்கேயே வட்டம் முளைக்கும்படி மாற்றினேன். பட்ட இடம்தான் நடு என்பதால் முதல் தொடுதல் சரியாகிவிட்டது. ஆனால் அதன் பிறகு விரல் வழுக்குவது அப்படியே இருந்தது. விரல் ஆரத்தைத் தாண்டினால் நடுவும் கயிறு கட்டினாற்போல் பின்னாலேயே இழுபட்டு வர வேண்டும்:

```
var d = touch - center
if d.length() > radius:
    center = touch - d.normalized() * radius
var move = (touch - center) / radius
```

இப்போது விரல் 24 மி.மீ.யில் இருந்தால் நடு 14 மி.மீ.க்கு வந்திருக்கும். திரும்ப 11.5 மி.மீ. போதும், பழைய தூரத்தில் பாதிக்கும் குறைவு. விரல் எவ்வளவு வழுக்கினாலும் இந்த எண் மாறாது.

இரண்டு எச்சரிக்கை. இழுபட்ட விரல் வலது பாதிக்குள் நுழைந்தாலும் அது ஜாய்ஸ்டிக் விரல்தான். எந்தப் பக்கம் தொட ஆரம்பித்தது என்பதை வைத்தே முடிவு செய்யுங்கள். அடுத்து, சண்டை கேம் மாதிரி திசையைத் தட்டித் தட்டி ஆடுவதற்கு இது ஒத்துவராது. அங்கே அசையாத திசைப் பட்டன்களே மேல்.

## சுடும் பட்டனை வெறும் பட்டனாக வைப்பது

கன்ட்ரோலரில் ஆட்காட்டி விரல் ட்ரிகரை அழுத்தும், கட்டைவிரல் கேமராவைத் திருப்பும். போனில் பெரும்பாலோருக்கு வலது கட்டைவிரல் ஒன்றுதான். சுட அதை எடுத்தால் குறி நின்றுவிடும். ஆகவே சுடும் பட்டனை அழுத்தியபடியே இழுத்தால் கேமராவும் திரும்ப வேண்டும். பப்ஜி மொபைலில் சுட்டபடியே குறியை நகர்த்த முடிவது இதனால்தான். எந்தெந்த வேலை ஒரே நேரத்தில் நடக்க வேண்டும் என்று முதலில் எழுதிக்கொண்டு, பிறகு பட்டனை வரையுங்கள்.

## ACTION_CANCEL-ஐ மறப்பது

போன் கால் வரும், அல்லது ஓரத்து ஸ்வைப்பைப் போனே பிடுங்கிக்கொள்ளும். அப்போது விரல் எடுத்த செய்தி வராது, ஆண்ட்ராய்டில் ACTION_CANCEL என்ற செய்திதான் வரும். கவனிக்காவிட்டால் விரலே இல்லாமல் ஆள் ஓடிக்கொண்டிருப்பான்.

## ஆரத்தைப் பிக்சலில் எழுதுவது

400 டிபிஐ திரையில் 150 பிக்சல் என்பது 9.5 மி.மீ. 270 டிபிஐ திரையில் அதுவே 14 மி.மீ. கட்டைவிரலோ அதேதான், ஆகவே மி.மீ.யில் எழுதுங்கள்.

## டெட் ஸோனை x-க்குத் தனி, y-க்குத் தனி என்று வெட்டுவது

வேண்டாம். நடுவிலிருந்து விரல் வரையுள்ள நீளத்தை அளந்து வெட்டுங்கள்.