தொடாமல் ஒரு குத்து: சண்டைக் காட்சியைப் பாதுகாப்பாக எடுப்பது எப்படி?

முதல் குறும்படத்தில் சண்டைக் காட்சிக்குக் கேமராவைப் பக்கவாட்டில் வைத்துவிட்டேன். எடிட்டிங்கில் பார்த்தால் முஷ்டிக்கும் முகத்துக்கும் நடுவே இருந்த இடைவெளி பளிச்சென்று தெரிந்தது. இன்னும் நெருங்கி வீசச் சொல்லி மறுபடி எடுத்தோம், நண்பரின் உதடு கிழிந்தது. நான் மாற்ற வேண்டியிருந்தது தூரத்தை அல்ல, கோணத்தை.

எல்லாக் குத்துக்கும் அடிப்படை ஒன்றுதான் என்பதால், வலது கையைச் சுழற்றித் தாடையில் விடும் குத்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். நேராக விடும் குத்தை ஆரம்பத்தில் தொடவே வேண்டாம். அதில் முஷ்டி முகத்தை நோக்கியே வருவதால் ஆபத்து அதிகம்.

தூரம்

அடிப்பவர் கையை முழுதாக நீட்டி, உடம்பையும் முன்னால் சாய்த்து நிற்கட்டும். அப்போதும் முஷ்டிக்கும் முகத்துக்கும் இடையே 30 செ.மீ. இருக்க வேண்டும். இருவரின் கால்களுக்கும் தரையில் டேப் ஒட்டிவிடுங்கள். டேப்பைத் தாண்டிக் கால் வந்தால் டேக் அத்தோடு நிற்க வேண்டும். "நிறுத்து" என்று யார் சொன்னாலும் அப்படித்தான்.

கோணம்

கேமரா அடிப்பவரின் முதுகுப் பக்கம், தோளுக்கு மேலாக, அடி வாங்குபவரின் முகத்தைப் பார்க்கட்டும். முஷ்டி லென்ஸுக்கும் முகத்துக்கும் குறுக்கே வலமிருந்து இடமாகப் போகும். படத்தில் ஆழம் தெரியாததால், 30 செ.மீ. தள்ளிப் போகும் கை முகத்தின் மேலேயே போவதுபோல் இருக்கும்.

கோணம் சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. அடிப்பவர் வீச்சின் நடுவில் கையை அப்படியே நிறுத்தட்டும். அடி வாங்குபவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு லென்ஸைப் பார்க்கட்டும். முஷ்டி லென்ஸை மறைத்தால் கோணம் சரி. லென்ஸ் தெரிந்தால் கேமராவை நகர்த்துங்கள், நடிகர்களை நகர்த்தாதீர்கள்.

போனில் எடுப்பவர்கள் வைட் லென்ஸைத் தவிர்த்துவிடுங்கள். நன்றாகப் பின்னால் போய் டெலி லென்ஸில் எடுத்தால் இருவரும் ஒட்டி நிற்பதுபோல் தெரியும். கேமராவை உலுக்கி இடைவெளியை மறைப்பது எனக்குப் பிடிக்காது. கோணம் சரியாக இருந்தால் அதற்குத் தேவையே வராது.

நேரம்: என்னை அதிகம் படுத்திய இடம்

கோணத்தைச் சரி செய்த பிறகும் என் காட்சி பொய்யாகவே தெரிந்தது. ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. முஷ்டி முகத்தைக் கடந்து நான்கைந்து பிரேம் ஆன பிறகே தலை திரும்பியது. கண்ணால் பார்த்து உடம்பு அசைய ஏறத்தாழ 0.2 வினாடி ஆகும். நொடிக்கு 24 பிரேம் என்றால் அது கிட்டத்தட்ட 5 பிரேம். முஷ்டி வருவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் எவ்வளவு வேகமான நடிகரும் பிந்தத்தான் செய்வார்.

அதனால் பார்த்துத் திரும்பக் கூடாது, தாளத்தில் திரும்ப வேண்டும். ஒன்று, இருவரும் கண்ணோடு கண் பார்ப்பது. இரண்டு, அடிப்பவர் தோளைப் பின்னிழுப்பது. மூன்று, வீச்சும் திருப்பமும் ஒன்றாக. இதை வாய்விட்டு எண்ணிக்கொண்டே முதலில் கால் வேகத்தில், அப்புறம் அரை வேகத்தில், பிறகு முக்கால் வேகத்தில் செய்யுங்கள். முக்கால் வேகமே படத்துக்குப் போதும். கண்கள் சந்திக்காவிட்டால் வீச்சே கிடையாது.

வலக்கைக் குத்து இடக் கன்னத்தில் விழுவதால், தலை அவருடைய வலப்பக்கம் திரும்ப வேண்டும். தோளும் சேர்ந்தே திரும்பட்டும். தலையை மட்டும் வெடுக்கென்று திருப்பினால் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

ஒலி

ரெடிமேட் "டிஷ்யூம்" வேண்டாம். தடித்த மெத்தையில் குத்தும் சத்தத்தையும், ஈரத் துணியைத் தரையில் அறையும் சத்தத்தையும் தனித்தனியாகப் பதிவு செய்து ஒன்றின்மேல் ஒன்றாக வையுங்கள். முதலாவது கனத்தைத் தரும், இரண்டாவது தோலில் பட்டதுபோல் கேட்கும். முஷ்டி தாடையை மறைக்கும் பிரேமில் இரண்டும் தொடங்கட்டும். அதற்கு மூன்று பிரேம் முன்னால் சட்டைக் கை காற்றில் வீசும் ஒலி, அடி விழுந்த மறுகணம் அடி வாங்கியவரின் மூச்சு. அந்த மூச்சை விட்டுவிட்டால் யாருக்கோ விழுந்த அடிபோல் இருக்கும்.

பிற்சேர்க்கை: சொன்னபடி வைத்தும் சத்தம் முந்திவிடுகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். இருவருமே புளூடூத் ஹெட்போனில் எடிட் செய்திருக்கிறார்கள். அதில் ஒலி தாமதமாகக் கேட்பதால், கை தானாகவே சத்தத்தை முன்னால் இழுத்து வைத்துவிடுகிறது. வயர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு மறுபடி வைத்துப் பாருங்கள்.