சி.ஜி.பி.ஏ.யைச் சதவீதமாக்கும்போது 0.5ஐ ஏன் கழிக்கிறார்கள்?

விண்ணப்பத்தில் "பட்டப்படிப்பில் பெற்ற சதவீதம்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. கையில் உள்ள மதிப்பெண் பட்டியலிலோ சி.ஜி.பி.ஏ. 6.40 என்றுதான் போட்டிருக்கிறது. பத்தால் பெருக்கு என்கிறார் ஒரு நண்பர்: 64. அரையைக் கழித்துவிட்டுப் பெருக்கு என்கிறார் இன்னொருவர்: 59. அந்த வேலைக்கு 60 சதவீதம் வேண்டும் என்றால் எதைப் போடுவது?

இரண்டு கணக்கும் ஏதாவது ஓரிடத்தில் சரிதான். எந்த இடத்தில் எது என்று புரிய, கிரேடு எப்படி உருவாகிறது என்பதை ஒருமுறை நாமே போட்டுப் பார்க்க வேண்டும்.

படி 1: கிரேடு அட்டவணையைப் பாருங்கள்

மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்திலோ உங்கள் ரெகுலேஷனிலோ இது இருக்கும். இந்தியாவில் பல இடங்களில் 91–100 எடுத்தால் 10 புள்ளி, 81–90க்கு 9, 71–80க்கு 8 என்று போகும். 81 எடுத்தவருக்கும் 90 எடுத்தவருக்கும் அதே 9 புள்ளிதான் என்பதைக் கவனியுங்கள். சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

படி 2: ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

ஒரு மாணவிக்கு மூன்று பாடங்கள், கிரெடிட் 4, 3, 3. மதிப்பெண்கள் 83, 72, 91. அதாவது புள்ளிகள் 9, 8, 10.

```
GPA = (4×9 + 3×8 + 3×10) / 10 = 9.0
மதிப்பெண் = (4×83 + 3×72 + 3×91) / 10 = 82.1
```

அவள் தோழிக்கு அதே பாடங்களில் 90, 80, 100. அவளுக்கும் 9.0தான், ஆனால் உண்மைச் சராசரி 90. மதிப்பெண்ணைக் கிரேடாக மாற்றியபோதே இந்த எட்டு சதவீத வித்தியாசம் காணாமல் போய்விட்டது. 9.0ஐ மட்டும் வைத்துக்கொண்டு அதைத் திரும்பக் கொண்டுவர எந்தச் சூத்திரத்தாலும் முடியாது. அந்தப் பத்து மதிப்பெண் இடைவெளியில் மாணவர் எங்கே நின்றிருப்பார் என்று ஊகிக்கத்தான் முடியும்.

அந்த ஊகம்தான் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது.

```
CGPA × 10            → 90
CGPA × 9.5           → 85.5
(CGPA − 0.5) × 10    → 85
(CGPA − 0.75) × 10   → 82.5
```

பத்தால் பெருக்குவது எல்லோரும் இடைவெளியின் உச்சியில் இருந்ததாக வைத்துக்கொள்வது. 0.5 கழித்தால் நடுவில் வந்து நிற்கும், ஹைதராபாத் ஜே.என்.டி.யூ. பயன்படுத்துவது இதைத்தான். 0.75 கழிப்பது இன்னும் கீழே. ஏஐசிடிஇ கையேட்டு அட்டவணையில் 6.25க்கு 55, 6.75க்கு 60 என்று இருப்பது இந்தக் கணக்குதான்.

9.5க்குக் கதை வேறு. சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புக்குக் கிரேடு கொண்டுவந்தபோது, 91–100க்குள் எடுத்தவர்களின் சராசரி ஏறக்குறைய 95 என்று கண்டு, அதைப் பத்தால் வகுத்து 9.5 என்றார்கள். பள்ளிக்கு வந்த எண் அது. உங்கள் பல்கலைக்கழகம் தானே சொல்லியிருந்தால் ஒழிய, அதைப் பட்டப்படிப்புக்குப் போடாதீர்கள்.

அப்படியானால் பத்தால் பெருக்குவது எப்போதும் தாராளமா? இல்லை. சென்னைப் பல்கலைக்கழக அட்டவணையில் 75–79க்கு 7.5–7.9 என்று புள்ளியே தசமத்தோடு வருகிறது. 76 எடுத்தால் 7.6. அங்கே இடைவெளிக்குள் எதுவும் தொலைவதில்லை, அதனால் பத்தால் பெருக்குவதுதான் சரியான கணக்கு. இன்னொரு பக்கம், வகுப்பில் மற்றவர்களோடு ஒப்பிட்டுக் கிரேடு போடும் கல்லூரிகள் உண்டு. அங்கே 9 புள்ளிக்கு நிலையான மதிப்பெண் எல்லையே கிடையாது.

படி 3: உங்கள் சூத்திரத்தைப் பிடியுங்கள்

நீங்கள் சேர்ந்த ஆண்டின் ரெகுலேஷனைத் தேடுங்கள். ஒரே பல்கலைக்கழகத்திலும் ரெகுலேஷன் மாறும்போது சூத்திரம் மாறலாம், அதனால் சீனியர் சொன்னது உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். எழுத்தில் எதுவும் கிடைக்கவில்லை என்றால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் சதவீத மாற்றச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பியுங்கள். சான்றிதழ் சரிபார்ப்பு நாளில் கேட்பதும் இதைத்தான்.

படி 4: பெருக்கி, அப்படியே எழுதுங்கள்

செமஸ்டர் புள்ளிகளைக் கூட்டி எட்டால் வகுத்துச் சி.ஜி.பி.ஏ. என்று போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. செமஸ்டருக்குச் செமஸ்டர் கிரெடிட் வேறு என்பதால் விடை கொஞ்சம் தள்ளிப் போகும். பட்டியலில் அச்சிட்ட எண்ணையே எடுங்கள். வந்த விடையை முழு எண்ணாக்கவும் வேண்டாம்: 59.99 சதவீதம் 60க்குக் குறைவாகவே கருதப்படும் என்று வங்கித் தேர்வு அறிவிப்புகளில் நேராகவே போட்டிருப்பார்கள்.