பத்து, பற்று, பட்டு: அண்ணப்பதிவில் நாம் ஏமாறும் இடங்கள்

தமிழ்நாட்டில் 'டிவி' என்று எழுதுவதை இலங்கைத் தமிழரான நம்மில் பலர் 'ரீவி' என்று எழுதுகிறோம். 'ரொறன்ரோ' என்ற எழுத்தைப் பார்த்துத் தமிழ்நாட்டவர்கள் சிரிப்பதும் உண்டு. ஆனால் இது வெறும் எழுத்துப் பழக்கம் இல்லை. யாழ்ப்பாணத்துப் பேச்சில் பத்து, பற்று, பட்டு என்ற மூன்றும் மூன்று வேறு ஒலிகள். ஆங்கில 'ரீ' எழுத்தின் ஒலி அந்தக் காதுக்கு பட்டு பக்கம் விழுவதில்லை, பற்று பக்கம்தான் விழுகிறது. கொழும்பில் கதை கொஞ்சம் சிக்கல். வெள்ளவத்தையில் ஒரே மாடிக்கட்டடத்தில் யாழ்ப்பாணத்தாரும் மலையகத்தாரும் அடுத்தடுத்த வீடுகளில் இருக்கிறார்கள். ஒரு வீட்டில் காற்று 'காற்று'தான், பக்கத்து வீட்டில் அது 'காத்து'. அங்கே வளரும் பிள்ளையின் வாயில் இந்த மூன்றில் எத்தனை மிச்சம் என்று காதால் மட்டும் தீர்ப்புச் சொல்வது கஷ்டம். நாக்கு எங்கே தொட்டது என்று பார்த்தால் சொல்லலாம். அதற்குத்தான் அண்ணப்பதிவு.

செய்முறை எளிது. மருந்துக்கடையில் கப்சூலாகக் கிடைக்கும் மருந்துக் கரித்தூளை ஒலிவ் எண்ணெயில் குழைத்து, சின்னத் தூரிகையால் நாக்கில் பூசுகிறோம். ஆள் ஒரே ஒரு சொல்லை ஒரே ஒரு தடவை சொல்கிறார். உடனே வாயைத் திறந்து வைத்திருக்க, பல் வைத்தியர்கள் பயன்படுத்தும் நீளமான கண்ணாடியை உள்ளே சாய்த்துப் பிடித்து, மேலண்ணத்தைப் படம் எடுக்கிறோம். அண்ணத்தில் கறுப்பு ஒட்டிய இடம் நாக்கு தொட்ட இடம். பிறகு வாய் கொப்புளித்துவிட்டு மறுபடி: இந்த முறை கரியை அண்ணத்தில் பூசி, அதே சொல்லைச் சொல்லவைத்து, நாக்கைப் படம் எடுக்கிறோம். இது நாப்பதிவு. (மருந்துக் கரி, விழுங்கிய மாத்திரைகளையும் உறிஞ்சிவிடும். நேரத்துக்கு மருந்து எடுப்பவரை இதற்கு உட்கார வைக்கக் கூடாது. முதலில் கேட்டுவிடுங்கள்.)

இதில் நான் செய்த தவறு ஒன்றை முதலில் சொல்கிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

எங்களுக்கு வாய் கொடுத்தவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து, கலியாணத்துக்குப் பிறகு கொழும்புக்கு வந்த ஒரு மாமி. "வாய்க்குள்ளை கரியைப் பூசிப்போட்டு பட்டு எண்டு சொல்லச் சொல்லுறியள், பட்டுச் சேலை ஒண்டு வாங்கித் தந்தால்தான்" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். பத்து நன்றாக வந்தது: மேல் முன்பற்களின் பின்பக்கத்திலும் அதையொட்டிய ஈறிலும் கறுப்பு. பற்றுவில் பற்கள் சுத்தம், அவற்றுக்குப் பின்னால் இருக்கும் ஈற்று மேட்டில் குறுக்கே ஒரு பட்டை. பட்டுவில் நான் எதிர்பார்த்தது அந்த மேட்டுக்கும் பின்னால், அண்ணம் உள்ளே குழியும் இடத்தில். வந்ததோ மேட்டின் பின் விளிம்பில் மங்கலான ஒரு தீற்றல், பற்றுவின் பட்டையை ஏறக்குறைய ஒட்டியே. மூன்று தடவை செய்தோம், மூன்றும் அப்படியே. "மாமிக்குப் பட்டுவும் பற்றுவும் ஒன்றாகிவிட்டன" என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதியும் விட்டேன். அதே நேரம் அவர் பேசும்போது என் காதுக்கு இரண்டும் தெளிவாக வேறாகத்தான் கேட்டன. அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பிழை தூரிகையில் இருந்தது. நான் நாக்கின் மேல்பக்கத்தில் மட்டும் பூசியிருந்தேன். தமிழின் ட் சொல்லும்போது நாக்கு நுனி பின்னால் மடிந்து, நுனியின் அடிப்பக்கம் அண்ணத்தில் படுகிறது. ஒலியியல் ஆய்வாளர்களான லடிஃபோகட்டும் பாஸ்கரராவும் 1983இல் எக்ஸ்ரே படங்களை வைத்து இதைத்தான் காட்டினார்கள்: தமிழிலும் தெலுங்கிலும் அடிப்பக்கம் தொடுகிறது, ஹிந்தியில் அவ்வளவு மடிவதில்லை, நுனியே தொடுகிறது. அடிப்பக்கத்தில் கரி இல்லையென்றால் அது தொட்ட இடத்தில் எதுவும் ஒட்டாது. நாக்கு மடிப்பு விரிந்து முன்னால் வரும்போது கரி பூசிய நுனி விளிம்பு மேட்டை உரசியதே, அந்த உரசல்தான் என் படத்தில் இருந்தது. மெய்யொலி பிறந்த இடத்தை விட்டுவிட்டு, நாக்கு வீடு திரும்பிய வழியைப் படம் பிடித்திருக்கிறேன்.

அடுத்த நாள் நுனியைத் தூக்கச் சொல்லி அடிப்பக்கத்திலும் பூசினோம். இப்போது கறுப்பு நீளமாக வந்தது: அண்ணத்தின் குழிவில் தொடங்கி மேட்டின் பின் விளிம்பு வரை. இங்கேதான் இரண்டாவது பொறி. இந்த நீளத்தைப் பார்த்து "இவருடைய ட் மிக அகலமாகத் தொடுகிறது" என்று எழுதத் தோன்றும். அண்ணப்பதிவுப் படத்தில் நேரம் கிடையாது. சொல் தொடங்கி முடியும் வரை தொட்ட எல்லா இடமும் ஒன்றின்மேல் ஒன்றாக ஒரே படத்தில் விழுகிறது. ட் போன்ற வளைநா ஒலியில் நாக்கு பின்னால் அடைத்து, அடைப்பு நீடிக்கும்போதே முன்னால் வழுக்கி, பிறகு விடுபடுகிறது. ஆகவே அடைப்பு தொடங்கிய இடத்துக்குக் கறுப்பின் பின் எல்லையைத்தான் பார்க்க வேண்டும். முன் எல்லை விடுபட்ட இடத்தைச் சொல்கிறது. நடுவில் ஒரு புள்ளியை எடுத்து "இதுதான் பிறப்பிடம்" என்பது மொறட்டுவையிலிருந்து கோட்டைக்கு வந்த பஸ்ஸை வெள்ளவத்தையில் நின்றது என்று சொல்வதுபோல.

சரி, அடிப்பக்கம்தான் தொட்டது என்று எப்படி உறுதியாகச் சொல்வது? அண்ணத்துப் படம் அதைச் சொல்லாது. மேட்டில் கறுப்பு இருந்தால், அது நுனியாலா, நுனிக்குப் பின்னுள்ள தட்டையான பகுதியாலா, அடிப்பக்கத்தாலா என்று அந்தப் படத்துக்குத் தெரியாது. அண்ணப்பதிவை மட்டும் எடுத்துவிட்டு நாப்பதிவை 'நேரம் இல்லை' என்று விடுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. மாமியின் நாப்பதிவில் பற்றுவுக்கு நுனியின் விளிம்பில் மட்டும் கறுப்பு. பட்டுவுக்கு மேல்பக்கம் கிட்டத்தட்டச் சுத்தம், அடிப்பக்கத்தில் நுனியிலிருந்து உள்ளே போகும் ஒரு கறை. அதோடு குறிப்புப் புத்தகத்தில் முதல் நாள் வரியை வெட்டினேன். ஒரு கவனம்: அடிப்பக்கத்தைப் படம் எடுக்க வாய்க்குள்ளேயே நாக்கைத் தூக்கச் சொல்லாதீர்கள். பூசிய அண்ணத்தில் அது மறுபடி பட்டுப் படம் கெட்டுவிடும். முதலில் நாக்கை வெளியே நீட்டவைத்து மேல்பக்கம், அப்புறம் வெளியிலேயே நுனியை மேலுதட்டுப் பக்கம் உயர்த்தவைத்து அடிப்பக்கம்.

சொல் தேர்வில் வரும் தவறுகள் இதைவிடச் சாதாரணம், ஆனால் திருத்த முடியாதவை. ற்ற் பார்க்க 'காற்று' என்ற சொல்லை எடுத்தால், முதலில் வரும் க் அண்ணத்தின் பின்பகுதியைத் தொட்டுவிடும். அந்தக் கறுப்பு யாருடையது என்று பிரிக்க முடியாது. அதனால்தான் பத்து, பற்று, பட்டு. ப் உதட்டொலி, நாக்குக்கு வேலையில்லை. ன், ண் பார்க்க மனம், மணம் போதும், ம் உதடுகளோடு முடிந்துவிடுகிறது. இகரம், ஈகாரம், ஐகாரம் பக்கத்தில் இருந்தால் நாக்கின் இரு ஓரங்களும் உயர்ந்து கடைவாய்ப் பற்களை ஒட்டிக் கறுப்பாக்கும். அது உயிரெழுத்தின் வேலை. ஒவ்வோர் அமர்விலும் நான் முதலில் 'அப்பா' சொல்லவைப்பேன். அதில் நாக்கு தொட வேண்டிய மெய் ஒன்றும் இல்லை. அப்பாவிலேயே மேட்டில் கறுப்பு விழுந்தால், பூசியபின் ஆள் எச்சில் விழுங்கியிருக்கிறார், அல்லது கரி அதிகமாகி வழிகிறது. அன்றைக்கு வேறு எதையும் படம் எடுத்துப் பயனில்லை.

சொல்லைத் தாளில் எழுதிக் காட்டாதீர்கள். நம்மில் பலர் எழுத்தைப் பார்த்தால் பள்ளிக்கூடக் குரலுக்கு மாறிவிடுவோம். வீட்டில் 'பத்து' போலச் சொல்பவர்கூட, தாளில் 'பற்று' கண்டால் ற்ற்-ஐ 'ற்ர' என்று உருட்டிவிடுவார். அந்த உருட்டலும் படத்தில் விழும். கரி பூசுவதற்கு முன்பே பேச்சில் சொல்லை வரவழைத்து, பத்துத் தடவையாவது சொல்லிப் பழக்கிவிட வேண்டும். பூசிய பிறகு நாங்கள் விரலைக் காட்டுவோம், அவர் அந்த ஒரு சொல்லைச் சொல்வார், அவ்வளவுதான்.

கண்ணாடி பற்றியும் கொஞ்சம். வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து எடுக்காவிட்டால் மூச்சில் மங்கிவிடும். பிடிக்கும் சாய்வு ஒவ்வொரு தடவையும் மாறினால் அண்ணத்தின் பின்பகுதி ஒரு படத்தில் குறுகியும் இன்னொன்றில் நீண்டும் தெரியும். ஆகவே படத்தில் அளவுகோல் வைத்து மில்லிமீற்றர் எண்ணுவதை விட, எந்தப் பல்லின் நேரே என்று குறிப்பதே நம்பத்தக்கது. மாமியின் பற்றுவுக்குப் பின் எல்லை கோரைப்பல்லின் நேரே நின்றது. பட்டுவுக்கு அது இரண்டாம் முன்கடைவாய்ப் பல்லைத் தாண்டியது. அண்ணத்தின் ஆழம் தட்டையான படத்தில் தெரியாது, அதற்குப் பல் வைத்தியரிடம் அச்செடுத்த வார்ப்பு வேண்டும். மேடு சிலருக்குச் செங்குத்து, சிலருக்கு இருக்கிறதா என்றே தெரியாது. ஒருவரின் படத்தை இன்னொருவரின் படத்தின்மேல் அப்படியே வைத்துப் பார்க்க முடியாததும் இதனால்தான்.

நேரம் வேண்டுமென்றால் மின்னண்ணப்பதிவு இருக்கிறது. ஆளின் வார்ப்புக்கு ஏற்றபடி செய்த மெல்லிய செயற்கை அண்ணத்தில், பரவலாகப் புழங்கும் வகையில் 62 மின்முனைகள் இருக்கும்: முதல் வரிசையில் 6, மற்ற 7 வரிசைகளிலும் 8. வழக்கமாக 10 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை எது தொட்டது என்று பதியும். ட் பின்னாலிருந்து முன்னால் வழுக்குவதை இதில் வரிசை வரிசையாகப் பார்க்கலாம். ஆனால் முதல் வரிசை பற்களுக்குப் பின்னால்தான் தொடங்குகிறது, பல்லின் மேல் மின்முனை இல்லை. பத்துவின் த் பல்லிலேயே அடைபட்டால், திரையில் அடைப்பு முழுமையாகத் தெரியாமல் நடுவில் ஒரு வழி திறந்திருப்பதுபோல இருக்கும். அதைப் பார்த்து "காற்று உரசிப்போகும் த்" என்று எழுதிவிடுவார்கள். கடைசி வரிசைக்குப் பின்னால் மெல்லண்ணத்தில் அடையும் க்-க்கும் இதே கதி. நாக்கின் எந்தப் பகுதி தொட்டது என்பதும் மின்முனைக்குத் தெரியாது. அதற்கு நாப்பதிவுக்கே திரும்பிப் போக வேண்டும்.

மாமிக்குப் பிறகு அதே மாடியில் வளர்ந்த அவருடைய பேத்தியை உட்கார வைத்தோம். இந்தத் தடவை இரு பக்கமும் கரி பூசி, அப்பாவில் தொடங்கினோம். பத்துவிலும் பட்டுவிலும் பாட்டியைப் போலவே வந்தது. பற்றுவில் கறுப்பு பல்லின் பின்பக்கத்தில் இருந்தது.