ரிட்டென்ஷன் பணமும் பாதி முடிந்த வேலையும்: சிறு கான்ட்ராக்டர்கள் கணக்கில் சறுக்கும் இடங்கள்

“கைக்கு வராத காச எதுக்குண்ணே வருமானமா காட்டணும்? அது வரும்போது பாத்துக்கலாம்.” ஆண்டுக்கணக்கை மூடும் நேரத்தில் சிங்கப்பூரின் சின்ன கான்ட்ராக்டர்களிடம் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. குறைகளைச் சரிசெய்து தரும்வரை உத்தரவாதமாகப் பிடித்துவைக்கும் ரிட்டென்ஷன் பணம் போக பேங்கில் எவ்வளவு விழுந்ததோ அதையே அந்த வருட வருமானம் என்று எழுதிவிடுவார்கள். இதைத் தவிர்த்துவிட்டு, முடித்த வேலையின் அளவுக்கு வருமானம் காட்டலாம் என்று இறங்கினால், அந்த அளவைக் கணக்கிடும் இடத்தில் வேறொரு தவறு காத்திருக்கும். இரண்டையும் ஒரே வேலையை வைத்துப் பார்த்துவிடலாம்.

துவாஸில் ஒரு தொழிற்சாலைக் கட்டடம். மெயின் கான்ட்ராக்டர் பூச்சு வேலையையும் டைல்ஸையும் ஒரு சப்-கானிடம் விட்டிருக்கிறார். ஒப்பந்தத் தொகை 4,00,000 வெள்ளி, தொடக்கத்தில் போட்ட மொத்தச் செலவு மதிப்பீடு 3,20,000 வெள்ளி. டிசம்பர் 31-ல் புத்தகத்தில் செலவு 1,92,000 வெள்ளி ஏறியிருக்கிறது. வருமானத்துக்கான கணக்கியல் தரமான எஃப்ஆர்எஸ் 115-ன்படி இப்படிப்பட்ட வேலையில் வருமானத்தை வேலை நடக்க நடக்கக் காட்டலாம். எவ்வளவு முடிந்தது என்பதற்குப் பொதுவாக எடுத்துக்கொள்ளும் அளவுகோல், இதுவரை ஆன செலவை மொத்த மதிப்பீட்டால் வகுப்பது. 1,92,000-ஐ 3,20,000-ஆல் வகுத்தால் 60 விழுக்காடு. வருமானம் 2,40,000, லாபம் 48,000. முதலாளிக்கு மகிழ்ச்சிதான்.

ஆனால் அந்த 1,92,000-க்குள் 32,000 வெள்ளி டைல்ஸ், சப்-கானின் சொந்தக் கிடங்கில் பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது. விலை ஏறும் என்று மொத்தமாக வாங்கிப் போட்டது. வேறு சைட்டுக்கும் போடலாம். அது இன்னும் வாடிக்கையாளரின் கட்டடத்தில் சேரவில்லை, கையிருப்புச் சரக்காகத்தான் நிற்கவேண்டும். அதைக் கழித்தால் முடிந்த வேலைக்கான செலவு 1,60,000, அதாவது 50 விழுக்காடு. வருமானம் 2,00,000, லாபம் 40,000. தப்பாகப் பூசியதை உடைத்துத் திரும்பப் பூசிய செலவுக்கும் இதே நியாயம்தான். செலவு உண்மையில் ஆனது, ஆனால் வேலையை ஓர் அங்குலமும் நகர்த்தவில்லை. அதை அந்த வருடச் செலவில் எழுதலாம், விழுக்காட்டில் ஏற்றக்கூடாது.

வகுக்கிற எண்ணை, அதாவது மொத்த மதிப்பீட்டை, டெண்டர் போட்ட நாளோடு உறையவிடுவது இதைவிடப் பெரிய தவறு. லெவியும் ஆள் கூலியும் சரக்கு விலையும் ஏறி, மீதி வேலைக்கு இன்னும் 2,40,000 வெள்ளி ஆகும் என்று இன்றைக்குத் தெரிந்தால் மொத்தம் 4,00,000. அப்போது 1,60,000 என்பது 40 விழுக்காடுதான். வருமானம் 1,60,000, லாபம் பூஜ்யம். மதிப்பீடு 4,00,000-ஐத் தாண்டினால் வரப்போகும் நஷ்டம் முழுவதையும் இந்த வருடமே எழுதவேண்டும், முடிந்த விழுக்காட்டுக்கு மட்டும் அல்ல. நம் சப்-கானுக்கு 3,20,000 இன்னும் சரியாகவே இருக்கிறது என்று வைத்துக்கொண்டு மேலே போவோம்.

மெயின்-கானுக்காக வேலையை அளந்து மதிப்பிடும் கியூஎஸ் டிசம்பர் வரை சான்றளித்த வேலை 1,90,000 வெள்ளி. ஒப்பந்தப்படி ஒவ்வொரு கிளைமிலும் 10 விழுக்காடு பிடிக்கலாம், ஆனால் மொத்தப் பிடிப்பு ஒப்பந்தத் தொகையில் 5 விழுக்காட்டை, அதாவது 20,000 வெள்ளியை, தாண்டக்கூடாது. இங்கே பழக்கத்தில் உள்ள ஏற்பாடு இதுதான். இதுவரை 19,000 பிடித்தாகிவிட்டது, 1,71,000 கைக்கு வந்தது.

பேங்கைப் பார்த்து எழுதுகிறவர் 1,71,000 என்பார். சரியான வருமானம் 2,00,000. அது மூன்றாகப் பிரிகிறது: 1,71,000 வந்த பணம், 19,000 ரிட்டென்ஷன், மீதி 10,000 செய்து முடித்தும் இன்னும் சான்றளிக்கப்படாத வேலை. ரிட்டென்ஷன் தள்ளுபடி அல்ல, வருமானத்தைக் குறைக்காது. குறைகளைச் சரிசெய்து கொடுத்த பிறகே விடுவிப்பார்கள் என்று ஒப்பந்தம் சொன்னால் அதைச் சாதாரண வரவேண்டிய பாக்கியோடு கலக்காமல், கான்ட்ராக்ட் சொத்து என்று தனித் தலைப்பில் வைக்கவேண்டும். நாள் கடந்தால் மட்டும் போதும் என்ற நிலை வந்ததும் பாக்கிக்கு மாற்றலாம். மெயின்-கான் ஆட்டம் காண்கிறது என்ற சேதி கேட்டால் அதன்மேல் வாராக்கடன் ஒதுக்கீடும் போடவேண்டியிருக்கும். ஒப்பந்தத்தில் தனியாக டிரஸ்ட் ஏற்பாடு இல்லாவிட்டால், மெயின்-கான் கவிழ்ந்த அன்று இந்த 19,000-க்கு நீங்களும் மற்றக் கடன்காரர்களோடு வரிசையில் நிற்பீர்கள்.

அந்த 10,000 நல்ல எச்சரிக்கை மணியும்கூட. 60 விழுக்காட்டுக் கணக்கைப் போட்டிருந்தால் இந்த இடத்தில் 50,000 நின்றிருக்கும். சான்றளிக்கப்படாத வேலை மாதத்துக்கு மாதம் பெருத்துக்கொண்டே போனால், விழுக்காடு ஊதியிருக்கிறது, அல்லது ஏதோ கூடுதல் வேலைக்கு விஓ எனும் மாற்ற உத்தரவு கையெழுத்தாகாமல் கிடக்கிறது.

ஜிஎஸ்டியில் காசு வீணாகக் கரையும். வரிக்கணக்கில் ரிட்டென்ஷனுக்கான ஜிஎஸ்டி, டாக்ஸ் இன்வாய்ஸ் போட்ட நாள், பணம் வந்த நாள் இரண்டில் எது முந்தியதோ அன்றுதான் விழுகிறது. முழு 1,90,000-க்கும் இன்வாய்ஸ் போட்டால் 9 விழுக்காட்டில் 17,100 வெள்ளி அந்த வரிக்காலத்திலேயே ஐராஸுக்குக் கணக்குக் காட்டிக் கட்டவேண்டும். ரிட்டென்ஷனைக் கழித்து 1,71,000-க்குப் போட்டால் 15,390. வித்தியாசம் 1,710 வெள்ளி, இன்னும் வராத பணத்துக்குச் சொந்தக் காசிலிருந்து முன்கூட்டிக் கட்டும் வரி. ரிட்டென்ஷன் விடுவிக்கப்படும்போது அதற்குத் தனி இன்வாய்ஸ் போட்டால் போதும். ஜிஎஸ்டி பதிவு இல்லாதவருக்கு இந்தக் கவலை இல்லை.

அடுத்த கிளைமில் கவனிக்கவேண்டியது உச்சவரம்பு. சான்றளித்த வேலை 2,00,000-ஐத் தொட்டதும் பிடிப்பு 20,000 ஆகிவிடும். அதற்குமேல் ஒரு வெள்ளிகூடப் பிடிக்கக்கூடாது. ஆனால் மெயின்-கான் அலுவலகத்தின் எக்செல் தாள் பழைய பழக்கத்தில் 10 விழுக்காட்டைக் கழித்துக்கொண்டே போகும். நாமும் கிளைமுக்கு அவர்கள் எழுத்தில் தரும் பேமென்ட் ரெஸ்பான்ஸைப் பார்க்காமல் வந்த தொகையைப் பதிந்துகொண்டே போவோம். வேலை முடியும்போது பார்த்தால் 40,000 பிடிபட்டிருக்கும்.

பெரும்பாலான ஒப்பந்தங்களில் பாதி ரிட்டென்ஷன் வேலை முடிந்ததும், மறுபாதி குறைதீர்க்கும் காலம் முடிந்ததும் வரும். அந்தக் காலம் வழக்கமாக 12 மாதம். பூச்சு வேலைக்காரர் தன் பங்கை மார்ச்சில் முடித்திருப்பார். ஒப்பந்தம் மெயின் வேலை முடிந்த நாளிலிருந்து எண்ணச் சொன்னால், அது டிசம்பரில் முடிந்தால், இரண்டாம் பாதி மறு டிசம்பருக்குத்தான். மார்ச்சிலிருந்து எண்ணி, “மறு மார்ச்சில் பத்தாயிரம் வரும்” என்று கேஷ் ஃப்ளோவில் எழுதிவைத்தவர்தான் சம்பள நாளில் திண்டாடுவார்.

“ஓனர் எங்களுக்குக் கொடுத்தாத்தான் நாங்க கொடுப்போம்” என்ற பதிலும் வரும். 2004-ஆம் ஆண்டின் கட்டுமானத் துறைப் பணம் செலுத்தல் பாதுகாப்புச் சட்டப்படி அத்தகைய நிபந்தனை செல்லாது. விடுவிக்கும் நாள் வந்ததும் ரிட்டென்ஷனுக்கும் முறையான பேமென்ட் கிளைம் போடவேண்டும். வாட்ஸ்அப்பில் “பாஸ், ரிட்டென்ஷன் எப்போ?” என்று கேட்பதை நம்பி இருக்கக்கூடாது. ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளிலேயே ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி போட்டு, பிடித்த தொகை, உச்சவரம்பு, இரண்டு விடுவிப்பு நாட்கள், குறை சரிசெய்த கடிதம் எந்தக் கோப்பில் என்பதை எழுதி வைத்தால், மெயின்-கானில் கியூஎஸ் மாறிப்போன பிறகும் காட்டுவதற்குக் காகிதம் இருக்கும்.