'இரண்டு மடங்கு' என்று எழுதும் முன்

1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு ஓர் எச்சரிக்கை விடுத்தது. மூன்றாம் தலைமுறை எனப்படும் புதிய வகைக் கருத்தடை மாத்திரைகளைச் சாப்பிடும் பெண்களுக்கு, பழைய வகையைச் சாப்பிடுபவர்களைவிட, நாளத்தில் இரத்தம் உறையும் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்கு என்பதே அதன் சாரம். அதாவது 100% உயர்வு. செய்தி பரவியதும் பெண்கள் பலர் பயந்துபோய் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள்.

அந்த 100%க்குப் பின்னால் இருந்த எண்ணிக்கை இதுதான். பழைய வகை மாத்திரை சாப்பிட்ட 7,000 பெண்களில் ஓராண்டில் சுமார் ஒருவருக்கு இரத்தம் உறைந்தது. புதிய வகையில் அது இரண்டு பேர். 7,000 பேருக்குக் கூடுதலாக ஒருவர், அவ்வளவுதான். மறு ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்ததாக மதிப்பிடுகிறார்கள். கர்ப்பமே அந்த மாத்திரையைவிட அதிகமாக இரத்தம் உறையச் செய்யும் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

இங்கே 100% என்ற கணக்கில் பிழை இல்லை. எதிலிருந்து உயர்ந்தது என்பதைச் சொல்லாமல் விட்டதுதான் தவறு. 1 என்பது 2 ஆனாலும், 1,000 என்பது 2,000 ஆனாலும் சதவீதம் ஒன்றுதான். அதனால் தொடக்க எண், முடிவு எண், எத்தனை பேரில், எவ்வளவு காலத்தில் என்ற நான்கையும் அதே வாக்கியத்தில் வையுங்கள்: "ஓராண்டில் 7,000 பேரில் 1 ஆக இருந்தது 2 ஆனது (100% உயர்வு)." சதவீதத்தைத் தலைப்பில் போட்டு, எண்ணிக்கையை ஏழாம் பத்தியில் ஒளித்துவைத்தால் பலன் இல்லை. பலர் தலைப்போடு நின்றுவிடுவார்கள்.

இதைச் செய்யும்போதும் ஒரு சறுக்கல் நேரும். "7,000இல் ஒருவர் என்பது 3,500இல் ஒருவர் ஆனது" என்று எழுதுவார்கள். கணக்கு சரிதான், ஆனால் ஆபத்து கூடும்போது கண்ணில் படும் எண் குறைகிறது, வாசிப்பவர் குழம்புகிறார். இரு பக்கமும் 7,000 என்றே வைத்திருங்கள்.

அடிப்படையே சதவீதமாக இருந்தால் குழப்பம் இன்னும் கூடும். 100 பேரில் 6 பேருக்கு வரும் நோய் 7 பேருக்கு வருகிறது என்றால் உயர்வு 1 சதவீதப் புள்ளி. ஆறோடு ஒப்பிட்டால் அதுவே சுமார் 17%. "1% உயர்ந்தது" என்று எழுதினால் எதைச் சொல்கிறீர்கள் என்று யாருக்கும் தெரியாது.

எண்ணிக்கையை மட்டும் கொடுத்துச் சதவீதத்தை விடுவதையும் நான் ஏற்கமாட்டேன். "ஒருவர்தானே கூடுதல்" என்று படிக்கும்போது அலட்சியம் வந்துவிடும். அதே மாத்திரையை 7 லட்சம் பெண்கள் சாப்பிட்டால் ஓராண்டில் கூடுதலாகப் பாதிக்கப்படுபவர்கள் 100 பேர். தனக்கு எவ்வளவு ஆபத்து என்று பார்க்கும் பெண்ணுக்கு 7,000இல் ஒருவர் என்பது உதவும். எந்த மாத்திரையை முதலில் எழுதிக்கொடுப்பது என்று யோசிக்கும் மருத்துவருக்கு இரண்டு மடங்கு என்பதும் தெரிந்தாக வேண்டும்.